வாடகைக்கு விட்ட பெயர்

ஸ்யாமளாவின் வாசலில் வந்து நின்ற பெண்மணி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கைப்பையிலிருந்து ஒரு சேலையை உருவி, கம்பிக் கேட்டின் மேல் போட்டாள்.

"மதுரை சுங்குடி, ஸ்யாமளா ராஜாராமன், முனிச்சாலை. நீங்கதானே?"

"நான்தான். உள்ள வாங்க."

"உள்ள எல்லாம் வரல. எங்க அம்மாவோட எண்பதாவது பிறந்த நாளுக்கு எடுத்துக் கொடுத்தேன். ரெண்டு தண்ணி போட்டதும் இந்தக் கதி. வயசான மனுஷி, உடம்பெல்லாம் சிவப்புச் சாயம். பேரையும் விலாசத்தையும் அச்சடிச்சுப் போட்டுக்கிட்டு இப்படியா ஏமாத்துவீங்க?"

அவள் பெயர் சுஷ்மா. திருச்சியில் பள்ளிக்கூட ஆசிரியை. கொட்டாம்பட்டி வழியாகப் பஸ் பிடித்து, சண்டை போடுவதற்கென்றே வந்திருந்தாள்.

ஸ்யாமளா சேலையைக் கையில் எடுத்தாள். எடுத்ததும் மண்ணெண்ணெய் வாடை முகத்தில் அடித்தது. அச்சுச் சாயத்தின் வாடை. முன்பக்கம் வரிசை வரிசையாக வெள்ளைப் புள்ளிகள். திருப்பினால் பின்பக்கம் வெளிறிக் கிடந்தது, தேமல் பிடித்த தோல் போல. நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கி, முடிச்சு இருந்த இடம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும் அசல் சுங்குடிக்கு முன்பக்கம் பின்பக்கம் என்று கிடையாது. இது எங்கோ ஒரு மில்லில் இயந்திரம் அச்சடித்துத் தள்ளியது. ஆனால் ஓரத்தில் தைத்திருந்த துணி லேபிள் அவளுடையது. அவள் பெயர், அவள் விலாசம், புவிசார் குறியீட்டு முத்திரை, அதன் கீழே சென்னைப் பதிவகம் அவளுக்குக் கொடுத்த அங்கீகரிக்கப்பட்ட பயனாளர் எண். எல்லாம் அச்சுப் பிசகாமல் இருந்தன.

"இது நான் செஞ்சது இல்ல" என்றாள்.

"எல்லாரும் இதத்தான் சொல்லுவாங்க."

"எங்க வாங்கினீங்க?"

"பைபாஸ் ரோட்டுல, பூந்தேர் ஜவுளிமாளிகை. கண்ணு முன்னாலயே முடிச்ச உருவிக் காட்டினாங்களே! அதப் பாத்துத்தான வாங்கினேன்."

முடிச்சை உருவிக் காட்டினார்களா? அச்சடித்த துணியில் ஏது முடிச்சு? ஸ்யாமளா முந்தானையை விரித்துப் பார்த்தாள். ஒரு மூலையில் இன்னும் ஏழெட்டு முடிச்சுகள் அவிழாமல் இருந்தன. ஒன்றை நகத்தால் நெருடி அவிழ்த்தாள். உள்ளே அச்சடித்த வெள்ளைப் புள்ளி. அதன் மேல், சாயம் போட்டு எல்லாம் முடிந்த பிறகு, யாரோ உட்கார்ந்து நூல் சுற்றியிருக்கிறார்கள். வாங்குகிறவர் முன்னால் இழுத்துக் காட்டுவதற்காக மட்டும்.

சேலையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். திரும்பி வந்து, தான் செய்த அரக்கு நிறச் சுங்குடிச் சேலை ஒன்றைச் சுஷ்மாவின் கையில் கொடுத்தாள்.

"இத அம்மாகிட்ட கொடுங்க. அந்தச் சேலையும் பில்லும் எனக்கு வேணும். தருவீங்களா?"

சுஷ்மா சேலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் செருப்பைக் கழற்றினாள்.

ஸ்யாமளாவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. பசுமலைக் கல்லூரியில் பி.காம். படித்தவள். நூல் கடை ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள், நாற்பதுக்கு மேல்தான் அப்பாவின் சாயப் பட்டறையைக் கையில் எடுத்தாள். அவளுக்கு அதில் நட்டமில்லை, நன்றாகவே நடந்தது. சுற்றுவட்டாரத்தில் முப்பது பெண்கள் அவளுக்கு முடிச்சுப் போட்டுக் கொடுத்தார்கள். பெங்களூரு, புனேவுக்கெல்லாம் சேலை போயிற்று. சுங்குடி உற்பத்தியாளர் சங்கத்தின் மூலம் விண்ணப்பம் போட்டு, தான் உண்மையிலேயே மதுரையில் இந்த முறையில்தான் செய்வதைக் காட்டி, அங்கீகரிக்கப்பட்ட பயனாளர் ஆனபோது, அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டினாள். தபால்துறையில் ஓய்வு பெற்ற அவள் கணவர் ராஜாராமன், "நம்ம கல்யாண போட்டோவ எறக்கிட்டா இத மாட்டின?" என்று கேட்டார். ஆமாம், அந்த ஆணியில்தான் மாட்டினாள்.

மறுநாள் பூந்தேர் ஜவுளிமாளிகைக்குப் போனாள். வாசலிலேயே ஒரு பெரிய திரை. அதில் இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன. விரல் நுனியில் துணியைக் கிள்ளி, நூலைச் சுற்றி, சுண்டி இறுக்கி, அடுத்த புள்ளிக்குப் போயின. வளையல் போட்ட, மருதாணிச் சிவப்பேறிய கைகள். இடது கட்டைவிரலில் பழைய தீக்காயத் தழும்பு. ஸ்யாமளா படியிலேயே நின்றுவிட்டாள். அது அவளுக்கு முடிச்சுப் போட்டுக் கொடுக்கும் அமீருன்னிசாவின் கை.

உள்ளே ஒரு விற்பனையாளன் மேசை மேல் சேலையை விரித்து, சுற்றி நின்ற பெண்களிடம், "பாருங்க அக்கா, ஒரு முடிச்சு ஒரு உசுரு" என்று சொல்லி முந்தானையை இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று இழுத்தான். படபடவென்று நூல்கள் தெறித்தன. பெண்கள் "ஆ" என்றார்கள். ஒருத்தி செல்போனில் படம் பிடித்தாள். மண்ணெண்ணெய் வாடையை மறைக்கக் கடை முழுக்க ஊதுபத்தி ஏற்றி வைத்திருந்தார்கள். மல்லிகை மணத்தையும் மீறி மண்ணெண்ணெய் அடித்தது. ஒரு சேலையை வாங்கிப் பில் போட்டுக்கொண்டு வெளியே வந்தவள், பஸ் ஸ்டாப்பில் அதை மடியில் வைக்க மனமில்லாமல் காலடியில் வைத்துக்கொண்டாள்.

அமீருன்னிசாவின் வீடு முனிச்சாலைக்குப் பக்கத்துச் சந்தில். ஸ்யாமளாவைவிட நாலு வயது மூத்தவள். அவள் கணவர் அப்துல் வஹீது டெய்லர். கண் பார்வை மங்கி வீட்டிலிருந்தார். ஸ்யாமளா பட்டறையைக் கையில் எடுத்த நாளிலிருந்து அமீருன்னிசா அவளுக்கு முடிச்சுப் போடுகிறவள்.

"வா ஸ்யாமளா. டீ குடிக்கிறியா?"

ஸ்யாமளா சேலையை அவள் முன்னால் போட்டாள். "அமீரக்கா, இதுல முடிச்சுப் போட்டது யாரு?"

அமீருன்னிசா பார்த்தாள். மறைக்கவில்லை. "நான்தான். நானும் அடுத்த வீட்டு ஹலீமா பேத்தி ஆஷிகாவும் இன்னும் நாலு பேரும். முந்தானைக்கு மட்டும் போதும்னு சொன்னாக."

"சாயம் போட்ட துணியில முடிச்சு எதுக்குன்னு கேக்கலையா?"

"கேட்டேனே! ஒந்தம்பிதான் மூட்டையக் கொண்டுவந்து எறக்கினான். 'அக்காவுக்குத் தெரியும், ஏதோ கண்காட்சிக்காம், சும்மா ஜோடனைக்கு' அப்படின்னான். வீடியோவும் அவன்தான் எடுத்தான். நீ சொல்லி அனுப்பினன்னு நெனச்சேன்." அவள் முகம் மாறியது. "ஏன், ஒனக்குத் தெரியாதா?"

ஸ்யாமளா துணியின் வெளிறிய பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். அமீருன்னிசா சேலையை முகர்ந்தாள். பிறகு அதைக் காலால் நகர்த்தினாள்.

"ச்சீ. அல்லாவே, எம்புட்டு நாளா இதப் போட்டுக் கொடுத்திருக்கேன்."

ஹரிஷங்கர் ஸ்யாமளாவின் ஒரே தம்பி. பட்டறையின் டெலிவரி, பேக்கிங், லேபிள் எல்லாம் அவன் பொறுப்பு. அன்று மாலை அவன் வந்தபோது ஸ்யாமளா இரண்டு சேலைகளையும் கட்டில் மேல் விரித்து வைத்திருந்தாள். அவன் அதைப் பார்த்தான், சட்டை பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தான், மறுபடி வைத்தான்.

"யாரு சொன்னா?"

"அதான் மொதக் கேள்வியா ஒனக்கு?"

"அக்கா, கத்தாத. இதுல ஒனக்கு என்ன நட்டம்? நீ செய்யறத நீ வித்துக்கிட்டுத்தான இருக்க. அவங்க கடைக்கு வர்ற கூட்டத்துக்கு ஒன்னால சேலை கொடுக்க முடியுமா? கடை மொதலாளி சூரியபிரகாஷ் சார் லேபிள் மட்டும்தான் கேட்டாரு. சும்மா கெடக்குற பேரு. மாசாமாசம் கமிஷன் வருது. எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு."

"சும்மா கெடக்குற பேரா?"

"ஒம் பேருதான? தம்பி எடுத்துக்கக் கூடாதா? வீட்டை வாடகைக்கு விடறோம், அது மாதிரி."

அவன் அதை வெட்கமில்லாமல் சொன்னான். குரலில் ஒரு குழைவு வேறு. சின்ன வயதில் அவளுடைய பென்சிலை எடுத்துவிட்டுக் கொஞ்சுகிற அதே குழைவு. ஐம்பதை நெருங்குகிற ஆணின் தொண்டையில் அது வழுவழுவென்று இருந்தது. ஸ்யாமளாவுக்கு அவன் உட்கார்ந்திருந்த கட்டிலைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"எந்திரி. பட்டறைச் சாவியக் குடு."

அவன் சாவியை எறிந்துவிட்டுப் போனான்.

வக்கீல் தமிழ்வாணி மேலூர்க்காரி. மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் இப்படிப்பட்ட வழக்குகளைப் பார்ப்பவள். ஸ்யாமளா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, அவள் சேலையைத் தொடாமல் பேனாவால் லேபிளைத் தூக்கிப் பார்த்தாள்.

"உங்க தம்பி வாடகைன்னு சொன்னாரா? நல்லா சொன்னாரு. கடைப் பேரு, கம்பெனிப் பேருன்னா ட்ரேட்மார்க். அத விக்கலாம், அடுத்தவங்களுக்கு உரிமம் கொடுக்கலாம். இது ஊர்ப் பேரு மேடம். புவிசார் குறியீட்டுச் சட்டத்துல தெளிவா இருக்கு: விக்க முடியாது, உரிமம் கொடுக்க முடியாது, அடமானம் வைக்க முடியாது. நீங்களே ஸ்டாம்ப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாலும் செல்லாது."

"பதிவுல எம் பேரு இருக்கே?"

"பயன்படுத்தறதுக்கு ஒங்களுக்கு உரிமை இருக்குன்னுதான் அர்த்தம். பேரு சங்கத்துக்கிட்ட பதிவாகியிருக்கு, அதுவும் எல்லா உற்பத்தியாளருக்காகவும். சுங்குடின்னா இந்த ஊருல, இந்த மாதிரி முடிச்சுப் போட்டுச் செஞ்சதுன்னு நம்பித்தான ஒருத்தர் கூடுதலா காசு கொடுக்கறாரு? அந்த நம்பிக்கையத்தான் சட்டம் காப்பாத்துது. அது போச்சுன்னா ஒங்களுக்கு மட்டுமா போகும்? முடிச்சுப் போடற ஒவ்வொருத்தருக்கும் போகும்."

"போலீஸ்ல கொடுக்கலாமா?"

"கொடுக்கலாம். பொய்யா குறியீடு போட்டா ஆறு மாசத்துலருந்து மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். ஆனா டி.எஸ்.பி.க்குக் குறையாத அதிகாரிதான் சோதனை போட முடியும், அதுக்கும் முன்னால பதிவாளர்கிட்ட கருத்துக் கேக்கணும். அதுக்குள்ள குடோன் காலியாயிரும். அதனால மொதல்ல மாவட்டக் கோர்ட்டுல சிவில் வழக்கு, அவசரத் தடையாணை. அங்கீகாரம் பெத்த பயனாளருங்கறதால நீங்களே வழக்குப் போடலாம்." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "ஒண்ணு இருக்கு. உங்க தம்பியையும் எதிர்வாதியா சேக்கணும். இல்லேன்னா நீங்களும் கூட்டுன்னு அந்தாளு சொல்லுவான்."

ஸ்யாமளா யோசித்துச் சொல்வதாகக் கிளம்பினாள். தம்பியைக் கோர்ட்டுக்கு இழுத்தவள் என்று சொந்தத்தில் எத்தனை வீட்டுக் கதவு மூடும் என்று அவளுக்குத் தெரியும். யோசிக்க அவளுக்கு அவகாசம் கிடைத்திருக்கும், சூரியபிரகாஷ் வீடு தேடி வராமல் இருந்திருந்தால்.

பூந்தேர் ஜவுளிமாளிகையின் முதலாளி அவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. கையில் பெரிய இனிப்புப் பெட்டி. ராஜாராமனைக் கட்டிப் பிடித்தார். ஸ்யாமளாவை "தங்கச்சி" என்றார். சோபாவில் உட்கார்ந்ததும் சுவரில் இருந்த சான்றிதழைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"தெய்வம் மாதிரி. நம்ம ஊருக்குக் கெடச்ச பெருமை."

"அந்தப் பெருமையத்தான் மில் துணியில தச்சு விக்கிறீங்களா?"

அவர் சிரித்தார். வெற்றிலைக் காவி ஏறிய பல். "தங்கச்சி, வர்றவங்களுக்கு என்ன வேணும்? மீனாட்சியப் பாத்துட்டு ஊருக்குப் போகையில மதுரைன்னு பேரு போட்ட ஒரு சேலை. அவ்வளவுதான். அத யாரு கட்டினா, யாரு முக்கினான்னு எவன் கேக்குறான்? நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுட்டா ஒங்க தம்பிக்குப் போறது நேரடியா ஒங்களுக்கே வரும். எங்க கடையில ஒங்க படத்தையே வைக்கிறேன். 'சுங்குடித் தாய்'னு."

"கடைத் திரையில ஒரு கை ஓடுதே, அந்தக் கைக்குச் சொந்தக்காரிகிட்ட கேட்டீங்களா?"

"அந்தத் துலுக்கப் பொம்பளையா? கையத்தானம்மா காட்டினோம், மூஞ்சியக் காட்டலையே" என்றார், ஏதோ பெரிய உபகாரம் செய்துவிட்டது போல.

ராஜாராமன் அதிகம் பேசுகிற மனிதரில்லை. எழுந்தார். இனிப்புப் பெட்டியை எடுத்து வாசலில் நின்ற காரின் பானெட் மேல் வைத்துவிட்டு வந்து, "போயிட்டு வாங்க" என்றார். சூரியபிரகாஷ் அப்போதும் கும்பிட்டுக்கொண்டேதான் போனார். அவர் உட்கார்ந்த சோபா உறையை ஸ்யாமளா உருவித் துவைக்கப் போட்டாள். அன்றைக்கே தமிழ்வாணிக்குப் போன் செய்தாள்.

"தம்பியையும் சேத்துருங்க."

நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்து, கடையையும் குடோனையும் பார்வையிட ஒரு வக்கீல் கமிஷனரை நியமித்தது. முன்கூட்டித் தகவல் போகவில்லை. ஸ்யாமளாவும் தமிழ்வாணியும் கூடப் போனார்கள். கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை. கதவைத் திறந்ததும் அந்த வாடை. வெளிமாநில மில்லின் முத்திரையோடு பேல் பேலாகக் கட்டி அடுக்கிய துணி. ஒரு மூலையில் தையல் மெஷினும் பக்கத்தில் கட்டைப் பையில் ஸ்யாமளாவின் லேபிள்களும். பையின் மேல் யாரோ பாதி தின்ற பரோட்டாப் பொட்டலத்தை வைத்திருந்தார்கள். சால்னா ஒழுகி, அவள் பெயரின் மேல் எண்ணெயாகப் படிந்து ஈ மொய்த்தது.

கமிஷனர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, ஒரு பேலிலிருந்து துணி எடுத்து முன்னும் பின்னும் படம் பிடித்து, மூட்டைகளுக்கு முத்திரை வைத்தார். சூரியபிரகாஷ் கைகட்டி நின்று, "நமக்கு ஒண்ணும் தெரியாதுங்க, சப்ளையர் கொடுத்ததுங்க, அந்தப் பொண்ணோட தம்பிதாங்க" என்றார். ஹரிஷங்கர் அங்கேதான் இருந்தான். ஒரு நிமிடத்தில் "சார்" எல்லாம் போய், "நீதானய்யா கேட்ட!" என்று அவன் கத்த, "எவன்டா நீ?" என்று இவர் கத்த, இருவரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தார்கள். ஸ்யாமளா பார்க்க விரும்பாமல் வெளியே வந்து வெயிலில் நின்றாள்.

தடையாணை வந்த வாரமே கடைப் பலகை மாறியது: "மதுரை மாடல் சுங்குடி". தமிழ்வாணி மறுபடி கோர்ட்டுக்குப் போனாள். "மாடல்" என்று ஒரு சொல்லைச் சின்ன எழுத்தில் சேர்த்துவிட்டுப் பழைய முடிச்சு வித்தையையே காட்டினால் வாங்குகிறவர் ஏமாறத்தான் செய்வார் என்று வாதாடினாள். அதற்கும் தடை வந்தது. சாட்சி சொல்ல அமீருன்னிசா வந்தாள். எதிர்த்தரப்பு வக்கீல், "நீங்கதானே முடிச்சுப் போட்டீங்க?" என்று மடக்கினார்.

"ஆமா, நான்தான் போட்டேன். ஏமாந்து போட்டேன். அந்தத் துணிக்கு அது முடிச்சே இல்லைங்க, சும்மா நூலு" என்றாள் அமீருன்னிசா. "அத உருவிக் காட்டிக் காசு வாங்கினது இவரு."

கடைசியில் பூந்தேர் ஜவுளிமாளிகை சமரசத்துக்கு இறங்கி வந்தது. பெயரையும் குறியீட்டையும் இனி எந்த வடிவிலும் போடுவதில்லை, திரையில் ஓடும் படத்தை எடுத்துவிடுவது, முத்திரை வைத்த சரக்கிலிருந்து லேபிளை அகற்றி வெறும் அச்சுச் சேலையாக விற்பது, வருத்தம் தெரிவித்துச் செய்தித்தாளில் விளம்பரம் கொடுப்பது, வழக்குச் செலவைத் தருவது. நீதிமன்றம் அதைத் தீர்ப்பாகவே பதிவு செய்தது. விளம்பரம் வந்தது, நாலாம் பக்கத்தில், காணாமல் போனவர் அறிவிப்புக்குக் கீழே.

சங்கத்தில் ஒரு வேலையை ஸ்யாமளா விடாமல் செய்தாள். முடிச்சுப் போடுகிற பெண்களும் உற்பத்தியாளர்கள்தான், அவர்கள் பெயரிலும் பயனாளர் விண்ணப்பம் போக வேண்டும் என்று பேசி, அமீருன்னிசாவின் விண்ணப்பத்தை முதலில் அனுப்ப வைத்தாள். ஹரிஷங்கர் அவளோடு பேசுவதை நிறுத்தினான். அப்பாவின் திதியை அவன் வீட்டில் தனியாகச் செய்துகொண்டான். சொந்தக்காரர்கள் பாதிப் பேர், "என்ன இருந்தாலும் கூடப் பொறந்தவன்" என்றார்கள். மீதிப் பேர் அதைச் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அந்த வருடக் கோடையில் வணிகர் மன்றம் ஒன்று பாரம்பரியப் பொருள் விழா நடத்தியது. ஸ்யாமளாவும் அமீருன்னிசாவும் அழைக்கப்பட்டிருந்தார்கள். மூன்றாவது வரிசையில் இடம். குத்துவிளக்கு ஏற்றி, வரவேற்புரை முடிந்து, பொன்னாடை போர்த்துகிற நேரத்தில் ஒலிபெருக்கியில் பெயர் வாசித்தார்கள்: "நம் மண்ணின் நெசவுப் பெருமையைப் பல்லாண்டு காத்து வரும் வள்ளல், விழாவின் முதன்மைப் புரவலர்..." வெள்ளை வேட்டி கசங்காமல் மேடையேறினார் சூரியபிரகாஷ். மைக்கைப் பிடித்தார்.

"நம்ம ஊர்ப் பேருங்கறது நம்ம தாய் மாதிரி. அதப் போலிகள்கிட்டேருந்து காப்பாத்தணும். அந்தப் போராட்டத்துல நானும் ஒரு சின்னப் பங்கு வகிச்சேன்..."

கூட்டம் கை தட்டியது. ஸ்யாமளா கைப்பையைத் தோளில் மாட்டினாள். பக்கத்தில் அமீருன்னிசா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளோ என்று பார்த்தால், "எந்திரி ஸ்யாமளா, இந்தப் பேச்சக் கேக்க முடியல" என்றாள்.

இருவரும் எழுந்தார்கள். வாசலில் நின்ற நிர்வாகி ஓடி வந்தார். "மேடம், அடுத்து ஒங்களுக்குத்தான் சால்வை. சூரியபிரகாஷ் சார் கையால போடறாங்க."

"வேண்டாம்ப்பா. அவருக்கே இன்னொண்ணு போர்த்துங்க. அவருக்குத்தான் மறைக்க நெறைய இருக்கு" என்றாள் ஸ்யாமளா.

வெளியே வந்ததும் அமீருன்னிசா சாக்கடை ஓரம் குனிந்து காறித் துப்பினாள். பிறகு இருவரும் ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டினார்கள். முனிச்சாலை போகிற வண்டி ஒன்று நின்றது. உள்ளே நெருக்கியடித்து ஏறிக்கொண்டார்கள்.